நான்கும் மஞ்சள்தான், விலை சொன்னது இரண்டுக்குத்தான்

பெரியம்மா மகள் அக்கா நியூஜெர்சியில் இருபது வருஷத்துக்கு மேல் இருந்துவிட்டு போன வருஷம் கோயம்புத்தூருக்கே திரும்பிவிட்டாள். சாமான்களோடு ஒரு சின்ன டப்பாவும் வந்தது, உள்ளே அங்கே போட்டுக்கொண்டிருந்த சில்லறை நகைகள். பிறந்தநாளுக்கு வந்தது, ஆபீஸில் விடைபெறும்போது கொடுத்தது, தள்ளுபடியில் தானே வாங்கியது என்று கலந்து கிடந்தன. அதில் நான்கு சங்கிலிகள். "டேய், இதெல்லாம் தங்கம்தான், கொண்டுபோய்க் குடுத்துட்டு நல்லதா ஒண்ணு வாங்கிடலாம், பாப்பா காலேஜ் போறா இல்ல" என்றாள். ஒவ்வொன்றும் ஏறக்குறைய பத்து கிராம் இருந்தது, நான்கும் ஒரே மஞ்சள், மேசையில் வரிசையாகப் போட்டால் எது எது என்று எனக்கும் தெரியவில்லை. மொத்தம் நாற்பது கிராம், அஞ்சு சவரன் என்று அக்கா மனக்கணக்கு போட்டுவிட்டாள்.

பெரியகடை வீதிப் பக்கம் பழைய தங்கம் எடுக்கும் ஒரு கடைக்குப் போனோம். கடைக்காரர் பூதக்கண்ணாடியை எடுத்து ஒவ்வொரு சங்கிலியின் கொக்கியைப் பார்த்தார், ஒன்றை மட்டும் தராசில் வைத்தார், இன்னொன்றை நகர்த்தித் தனியாக வைத்தார், மீதி இரண்டையும் அக்கா பக்கமே தள்ளிவிட்டார். "இது ரெண்டும் கவரிங்ங்க." அக்கா முகம் போன போக்கைப் பார்க்கணும். அதில் ஒன்று ஆபீஸில் ஐந்து பேர் காசு போட்டு வாங்கிக் கொடுத்தது, பெட்டியில் 'கோல்டு ஃபில்டு' என்று அச்சடித்தே இருந்தது. கோல்டு என்று எழுதியிருக்கிறதே, எப்படி கவரிங் ஆகும் என்று கேட்டாள். நியாயமான கேள்விதான். அந்தக் கேள்விக்குப் பதில் தேடப்போய்த்தான் இவ்வளவும் எழுதுகிறேன், ஏனென்றால் இப்போது இங்கேயும் இணையக் கடைகளில் வெர்மெய், கோல்டு ஃபில்டு, பிளேட்டட் என்று எல்லாம் பக்கத்துப் பக்கத்தில் வைத்து விற்கிறார்கள். வாங்கும்போது விலை படிப்படியாக ஏறுகிறது. விற்கும்போது அப்படிப் படிப்படியாக இறங்குவதில்லை, ஒரு இடத்தில் பள்ளத்தில் விழுகிறது.

முதலில் கடைக்காரர் எதை வைத்து விலை போடுகிறார் என்று பார்த்துவிடலாம். பழைய நகையை வாங்குகிறவர் நகையை வாங்குவதில்லை, அதற்குள் இருந்து வெளியே எடுக்க முடிந்த சுத்தத் தங்கத்தை வாங்குகிறார். இதை 'டச்' என்பார்கள், அந்தக் காலத்தில் மாற்று என்றது. நூறு பங்கில் எத்தனை பங்கு தங்கம் என்பதுதான் டச். 22 காரட் என்றால் 91.6, 18 காரட் என்றால் 75, 14 காரட் என்றால் 58.5. எடையை டச்சால் பெருக்கினால் சுத்தத் தங்கம் எவ்வளவு என்று வந்துவிடும். இந்தக் கணக்கு வேலை செய்ய ஒரு நிபந்தனை இருக்கிறது, சங்கிலி உள்ளும் புறமும் ஒரே உலோகமாக இருக்க வேண்டும். மேலே ஒன்று உள்ளே ஒன்று என்றால் கணக்கு அங்கேயே நின்றுவிடுகிறது.

இனி வரும் ரூபாய்க் கணக்குக்கெல்லாம் சுத்தத் தங்கம் கிராம் 10,000, வெள்ளி கிராம் 100 என்று வைத்துக்கொள்கிறேன். இது இன்றைய விலை இல்லை, மனதில் பெருக்கிப் பார்க்க வசதிக்காக. நீங்கள் படிக்கும் நாளில் என்ன விலையோ அதைப் போட்டுக்கொள்ளுங்கள்.

தராசில் ஏறியது 14 காரட் சங்கிலி. இதைத்தான் அங்கே சாலிட் கோல்டு என்கிறார்கள், முழுத் தங்கம். முழுத் தங்கம் என்றால் 24 காரட் என்று அர்த்தமில்லை, பலர் இங்கேதான் குழம்புகிறார்கள். எங்கே வெட்டிப் பார்த்தாலும் ஒரே கலவை என்பதுதான் அர்த்தம். அமெரிக்காவில் 10 காரட், அதாவது நூற்றுக்கு 41.7 மட்டும் தங்கம் இருக்கிற சங்கிலியையும் முழுத் தங்கம் என்றே விற்பார்கள், அதில் பொய் ஒன்றும் இல்லை. அக்காவின் சங்கிலி 9.96 கிராம் நின்றது. இங்கே வாங்கிய நகையாக இருந்தால் ஹால்மார்க்கோடு ஆறு எழுத்து எச்.யு.ஐ.டி. எண் இருக்கும், பிஐஎஸ் கேர் ஆப்பில் போட்டுப் பார்க்கலாம் (2023 ஏப்ரல் முதல் அந்த எண் இல்லாமல் கடைகள் புது நகை விற்கக் கூடாது). அமெரிக்கச் சரக்கில் அது கிடையாது, '14கே' என்ற முத்திரையும் செய்தவர் அடையாளமும் மட்டும்தான். அதனால் உருக்கித்தான் பார்க்கணும் என்றார். சரி என்றோம்.

மூசையில் போட்டு, வெங்காரம் தூவி, நெருப்பு ஊதி இரண்டு நிமிஷத்தில் ஒரு சின்ன உருண்டையாக எடுத்துவிட்டார். எடை 9.91. போன 0.05 கிராம் அழுக்கும் பற்றவைத்த இடத்துக் கசடும். காரட் மீட்டரில் வைத்தார், 58.2 காட்டியது. 9.91 பெருக்கல் 0.582, சுத்தம் 5.77 கிராம். நம் கணக்கு விலைக்கு 57,700 ரூபாய், அதில் இரண்டு சதவீதம் கழித்துக்கொண்டால் 56,500 சொச்சம். அக்கா தங்கம் என்று நினைத்தது தங்கமாகவே வந்தது, ஆனால் ஒரு சவரன் இரண்டு கிராம் என்று அவள் நினைத்தது சுத்தத்தில் ஆறு கிராம்கூட இல்லை. 22 காரட் பழக்கத்தில் வளர்ந்த நமக்கு 14 காரட்டின் எடை எப்போதும் ஏமாற்றும்.

அடுத்து அந்த கோல்டு ஃபில்டு. இதுதான் எனக்கு இந்த நான்கில் சுவாரசியமானது, ஏனென்றால் இதில் உண்மையாகவே தங்கம் இருக்கிறது, அளந்து பார்க்கும் அளவுக்கே இருக்கிறது, இருந்தும் கடையில் பூஜ்ஜியம். பெயர்தான் முதல் குழப்பம். தங்கம் நிரப்பியது என்று கேட்டால் உள்ளே தங்கம் இருப்பதுபோல் தோன்றும், விஷயம் நேர் எதிர். உள்ளே பித்தளை, வெளியே தங்கத் தகடு. பித்தளைக் கம்பியைச் சுற்றித் தங்கத் தகட்டைப் போர்த்தி, சூடும் அழுத்தமும் கொடுத்து இரண்டையும் ஒட்டவைத்து, அப்புறம் அந்தத் தடித்த கம்பியை மெல்லியதாக இழுத்துவிடுவார்கள். இழுக்கும்போது இரண்டும் ஒரே விகிதத்தில் மெலியும். அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன் வழிகாட்டுதல்படி இந்தப் பெயரில் விற்பதற்கு, மேலே உள்ள தங்கக் கலவை மொத்த எடையில் இருபதில் ஒரு பங்காவது இருக்க வேண்டும். கொக்கியில் '1/20 14கே ஜிஎஃப்' என்று குத்தியிருந்ததே, அதை அப்படியே படிக்க வேண்டியதுதான்: எடையில் இருபதில் ஒரு பங்கு, 14 காரட் கலவை.

பத்து கிராம் சங்கிலி என்றால் அரை கிராம் 14 காரட் கலவை. அதில் 58.5 சதவீதம் சுத்தம், ஆக 0.29 கிராம். நம் விலைக்கு 2,900 ரூபாய்! அப்படியானால் கடைக்காரர் ஏன் தள்ளிவிட்டார், ஏமாற்றப் பார்த்தாரா? இல்லை. இதை 14 காரட் சங்கிலியைப்போல மூசையில் உருக்கினால் என்ன வரும் என்று யோசித்துப் பாருங்கள். மேலே இருந்த தங்கம் கரைந்து உள்ளே இருந்த பித்தளையோடு கலந்துவிடும், கையில் நிற்பது நூற்றுக்கு மூன்று தங்கமும் மீதி செம்பும் துத்தநாகமுமாக ஒரு பித்தளை உருண்டை. அந்தத் தங்கத்தைத் திரும்ப எடுக்க நைட்ரிக் அமிலத்தில் போட்டுப் பித்தளை முழுவதையும் கரைக்க வேண்டும், செந்நிறப் புகை கிளம்பும், நச்சுப் புகை அது, அப்புறம் பச்சை நீலத்தில் ஒரு பாத்திரம் அமிலக் கழிவு மிஞ்சும், அடியில் படிந்த தங்கத் தூளை வடிகட்டிக் கழுவி உலர்த்தி மறுபடி உருக்க வேண்டும். அமிலம், புகைபோக்கி, அரை நாள் ஆள் கூலி, கழிவை அப்புறப்படுத்துவது, இத்தனையும் கால் கிராம் சொச்சத் தங்கத்துக்கு. செலவு 2,900-ஐத் தின்றுவிடும். முழுத் தங்கத்தில் இந்தப் பிரிக்கும் வேலையே இல்லை, உருக்கினால் முடிந்தது, அதுவே அடுத்த நகைக்கு மூலப்பொருள்.

இதே சரக்கு ஒரு கிலோ இருந்தால் கதை வேறு. ஒரு கிலோவில் கணக்குப்படி 29 கிராம் சுத்தம், 2,90,000 ரூபாய், அப்போது அமிலச் செலவு ஒரு பொருட்டே இல்லை. அமெரிக்காவில் இதற்கென்றே கோல்டு ஃபில்டு சரக்கைக் கிலோக் கணக்கில் வாங்கிச் சுத்திகரிக்கிறவர்கள் இருக்கிறார்கள், பழைய மூக்குக்கண்ணாடிச் சட்டம், கைக்கடிகார உறை, உடைந்த சங்கிலி எல்லாம் மூட்டையாகப் போகும். அவர்களும் முழு 29 கிராமுக்குக் கொடுக்க மாட்டார்கள், ஏனென்றால் தேய்மானம் முழுக்க மேல் தகட்டில்தான் நடக்கிறது. அக்காவின் சங்கிலியிலேயே கொக்கி ஓரம், வளையம் வளையத்தோடு உரசும் உள்பக்கம், இரண்டு இடத்திலும் லேசாகச் செம்மஞ்சள் எட்டிப் பார்த்தது. இருபது வருஷம் போட்ட சங்கிலியில் இருபதில் ஒரு பங்கு அப்படியே இருக்காது. சரி, கிலோவுக்கு விலை உண்டு, பத்து கிராமுக்கு இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். நம் ஊரிலோ இந்த வகையே பழக்கத்தில் இல்லை, அதனால் தனியாக வாங்குகிறவரும் இல்லை, ஆசாரி அதைப் பார்த்ததும் தனக்குத் தெரிந்த பெயரில் கவரிங் என்றுவிட்டார். ஒரு வகையில் அவர் சொன்னதும் சரிதான், தடித்த கவரிங்.

தனியாக நகர்த்தி வைத்தாரே, அது வெர்மெய். பிரெஞ்சுச் சொல், கேட்க ஏதோ பெரிய சமாசாரம் மாதிரி இருக்கும். உள்ளே 92.5 சதவீத வெள்ளி, மேலே கொஞ்சம் கனமான தங்க முலாம், அவ்வளவுதான். அமெரிக்க வழிகாட்டுதலில் முலாம் 2.5 மைக்ரானுக்குக் குறையக் கூடாது, முலாம் குறைந்தது 10 காரட்டாவது இருக்க வேண்டும். மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு, தலைமுடி சுமார் எழுபது மைக்ரான் தடிமன், அதோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

இந்தச் சங்கிலியில் நான் ஒரு கணக்கு போட்டுப் பார்த்தேன், எனக்கே ஆச்சரியம். ஒரு மில்லிமீட்டர் தடிமன் கம்பியில் செய்த பத்து கிராம் வெள்ளிச் சங்கிலி என்றால் அதன் மேற்பரப்பு மொத்தமும் ஏறக்குறைய 39 சதுர சென்டிமீட்டர் வரும். அதன்மேல் 2.5 மைக்ரான் 18 காரட் முலாம் என்றால் அதில் உள்ள சுத்தத் தங்கம் சுமார் 0.11 கிராம். நம் விலைக்கு 1,100 ரூபாய். உள்ளே இருக்கும் வெள்ளி 9.25 கிராம், 925 ரூபாய். அதாவது கண்ணுக்குத் தெரியாத அந்தத் தோல், உள்ளே இருக்கும் மொத்த வெள்ளியைவிடக் கொஞ்சம் கூடவே பெறும். இருந்தாலும் கடையில் கிடைப்பது வெள்ளிக் காசு மட்டும். உருக்கினால் நூற்றுக்கு ஒரு பங்கு தங்கம் கலந்த வெள்ளிக் கட்டி வரும், அந்த ஒரு பங்குக்கு எதிரே நிற்கிற வெள்ளிக் கடைக்காரர் காசு தர மாட்டார். அவருக்கு அது வெள்ளியில் இருக்கும் கலப்பு. பின்னால் பெரிய சுத்திகரிப்புக்குப் போகும்போது நைட்ரிக் அமிலத்தில் வெள்ளி கரைந்துவிடும், தங்கம் கரையாமல் கறுப்புத் தூளாக அடியில் நிற்கும், அந்த லாபம் அங்கே இருப்பவருக்கு. எங்களுக்குக் கடைக்காரர் சொன்னது பழைய வெள்ளி விலை, கழிவு போக, நம் கணக்கில் 800 ரூபாய் சுமார். கோல்டு ஃபில்டைவிடத் தங்கம் குறைவாக இருந்தும் இதற்கு விலை சொன்னார் என்பதைக் கவனியுங்கள். அடியில் இருக்கும் உலோகத்துக்கே வாங்குகிறவர் உண்டு என்பதால்தான். பித்தளைக்கும் எடைக்குக் காசு உண்டுதான், பழைய பாத்திரக் கடையில், பத்து கிராமுக்கு ஒரு டீ கிடைத்தால் அதிகம்.

ஒரு எச்சரிக்கை. '925' முத்திரை வெள்ளியைப் பற்றி மட்டும்தான் பேசுகிறது, மேலே உள்ள முலாம் எத்தனை மைக்ரான் என்பதைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லாது. அரை மைக்ரான் பூசிவிட்டு வெர்மெய் என்று விற்றால் கண்ணால் கண்டுபிடிக்கவே முடியாது, ஆறு மாதம் போட்டால் கழுத்துப்பட்டை உரசும் இடத்தில் வெளுத்துவிடும், அப்போதுதான் தெரியும். விற்கும் விலையில் அதனால் ஒரு மாற்றமும் இல்லை என்பதுதான் வேடிக்கை, இரண்டுக்கும் வெள்ளி விலைதான். தடிமன் உங்கள் கழுத்துக்கு முக்கியம், கடைக்காரருக்கு இல்லை.

நான்காவது பிளேட்டட். இதைப்பற்றி நீட்டி முழக்க ஒன்றும் இல்லை. பித்தளையிலோ செம்பிலோ செய்து மின்முலாம் பூசியது. அதே அமெரிக்க வழிகாட்டுதலில் எலக்ட்ரோபிளேட் என்று சொல்ல 0.175 மைக்ரான் தங்கம் இருந்தால் போதும். பத்து கிராம் சங்கிலியில் அது 16 மில்லிகிராம், 160 ரூபாய், அதையும் எடுக்க முடியாது. ஜிபி, ஜிஇபி, எச்ஜிஇ என்றெல்லாம் கொக்கியில் குத்தியிருப்பார்கள். எச்ஜிஇ என்றால் கனமான முலாம், 2.5 மைக்ரான், ஆனால் அடியில் வெள்ளி இல்லாததால் வெர்மெய்க்குக் கிடைக்கும் அந்த 800 ரூபாயும் இதற்கு இல்லை. நம்மூரில் 'ஒரு கிராம் தங்கம்' என்று விற்கிறார்களே, பெயரைப் பார்த்துவிட்டு ஒரு கிராம் இருக்கும் என்று அடகுக்கடைக்குக் கொண்டுபோகாதீர்கள், அதுவும் பெரும்பாலும் இந்த முலாம் வரிசைதான். கவரிங் என்ற சொல்லில் இருக்கும் நேர்மை எனக்குப் பிடிக்கும். சிதம்பரம் கவரிங் வாங்குகிற யாரும் நாளைக்கு விற்கலாம் என்று வாங்குவதில்லை.

சரி, கையில் இருக்கும் சங்கிலி எது என்று கடைக்குப் போகும் முன்பே தெரிந்துகொள்ள வழி இருக்கிறதா? இருக்கிறது, வீட்டிலேயே. 0.01 கிராம் காட்டும் சின்ன டிஜிட்டல் தராசு போதும். முதலில் சங்கிலியின் எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் தராசில் ஒரு டம்ளர் தண்ணீரை வைத்துப் பூஜ்ஜியத்துக்குக் கொண்டுவந்து, சங்கிலியை நூலில் கட்டித் தண்ணீருக்குள் முழுதாக மூழ்கும்படி தொங்கவிடுங்கள், அடியிலோ பக்கத்திலோ படக் கூடாது, காற்றுக்குமிழி ஒட்டியிருந்தால் தட்டிவிடுங்கள். அப்போது தராசு காட்டும் எண்தான் சங்கிலியின் கன அளவு. பத்து கிராம் சங்கிலிக்கு 22 காரட் என்றால் 0.56 அளவில் வரும், 14 காரட் 0.77 பக்கம், வெர்மெய் 0.96, கோல்டு ஃபில்டும் பிளேட்டடும் 1.15-க்கு மேல். தங்கம் கனமானது, அதே எடைக்குக் குறைவான இடத்தை அடைக்கிறது, அவ்வளவுதான் தத்துவம். நாங்கள் வீட்டுக்கு வந்ததும் மிச்சம் மூன்றையும் இப்படித் தொங்கவிட்டுப் பார்த்தோம், அக்கா மகள் நூலைப் பிடித்துக்கொண்டாள், கை நடுங்கினால் எண் ஓடும். வெர்மெய் 0.97 காட்டியது. மற்ற இரண்டும் ஒன்றுக்கொன்று 0.02 வித்தியாசத்தில் நின்றன, அந்த இரண்டில் எது எது என்பதைத் தண்ணீரால் சொல்ல முடியாது, முத்திரையைத்தான் படிக்க வேண்டும். உள்ளே கூடாக இருக்கும் நகைக்கும் கல் வைத்த நகைக்கும் இந்த முறை பொய் சொல்லும், அதையும் நினைவில் வையுங்கள். காந்தத்தை நம்பவே வேண்டாம், பித்தளையும் வெள்ளியும் காந்தத்தில் ஒட்டாது.

காரட் மீட்டர் இருக்கிறதே, அதில் வைத்தால் தெரிந்துவிடாதா என்று கேட்பீர்கள். அந்த மெஷின் எக்ஸ்ரே கதிரை அனுப்பி மேற்பரப்பைத்தான் படிக்கிறது, தங்கத்துக்குள் சில மைக்ரான் ஆழம் வரைதான் அதன் பார்வை போகும். பிளேட்டட் என்றால் அடியில் இருக்கும் செம்பும் துத்தநாகமும் சேர்ந்து தெரிந்துவிடும், மாட்டிக்கொள்ளும். ஆனால் ஒரு மில்லிமீட்டர் கம்பியில் செய்த கோல்டு ஃபில்டில் தகடு எட்டு மைக்ரான் வரை வரும், அப்போது மெஷின் தங்கத்தை வேண்டிய அளவுக்குக் காட்டி ஏமாற வாய்ப்பு இருக்கிறது. உரைகல்லும் அப்படியே, லேசாக உரைத்தால் மேல் தோல்தான் கல்லில் விழும். அதனால்தான் பழக்கப்பட்டவர்கள் அரத்தால் ஒரு மறைவான இடத்தில் ஆழமாக ராவி, அந்தப் பள்ளத்தில் ஒரு சொட்டு ஆசிட் விடுகிறார்கள். உள்ளே பித்தளை என்றால் பச்சையாக நுரைத்துக் கிளம்பும், வெள்ளி என்றால் பால்போலச் சாம்பல் நிறம் வரும். விற்க வருகிறவர் ராவ விடமாட்டேன் என்றால் கடைக்காரர் வாங்க மாட்டார், அந்தச் சந்தேகமும் விலைக்குள் ஒளிந்திருக்கிறது.

இப்போது வாங்குகிற பக்கம் வருவோம், பாப்பாவுக்குச் சங்கிலி எடுக்கணுமே. மறுவிற்பனை என்று பார்த்தால் முழுத் தங்கம்தான் என்று முடித்துவிடத் தோன்றும், அக்காவும் அப்படித்தான் சொன்னாள். நான் அவளிடம் ஒரு காகிதத்தில் எழுதிக் காட்டினேன். பத்து கிராம் 22 காரட் சங்கிலி, நம் கணக்கில் தங்கம் மட்டும் 91,600. செய்கூலி சேதாரம் சேர்த்து 12 சதவீதம் என்று வைத்தால் 11,000 சொச்சம். அதன்மேல் மூன்று சதவீதம் ஜிஎஸ்டி. கடையை விட்டு வெளியே வரும்போது 1,05,670 ரூபாய் போயிருக்கும். அதே சங்கிலியை மறுநாள் வேறு கடையில் விற்றால் இரண்டு சதவீதம் கழித்து 89,770 கிடைக்கும். பதினாறாயிரம் ரூபாய் ஒரே ராத்திரியில் காலி. ஒரு நல்ல பிளேட்டட் சங்கிலி 1,500 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், விற்கும்போது ஒன்றும் வராது, நூற்றுக்கு நூறு நட்டம்தான், ஆனால் அந்த நூறு சதவீதம் வெறும் 1,500. முழுத் தங்கத்தின் செய்கூலி சேதாரத்தில் மட்டும் அப்படி ஏழு சங்கிலி வாங்கலாம்.

அதற்காகப் பிளேட்டட் சிறந்தது என்று சொல்லவில்லை. முழுத் தங்கத்தில் போன அந்தப் பதினாறாயிரம், தங்க விலை பதினெட்டு சதவீதம் போல ஏறினால் திரும்பிவிடும், அவசரத்துக்கு அடகு வைக்கலாம், பத்து வருஷம் வைத்திருக்கப்போகிறவருக்கு அது பெரிய விஷயமில்லை. மற்ற மூன்றில் தங்க விலை இரண்டு மடங்கானாலும் உங்களுக்கு ஒன்றும் வராது. பிளேட்டட்டை அதன் விலைக்கு உடுத்தும் துணி மாதிரி நினைத்து வாங்கினால் மனக்கஷ்டம் இல்லை.

என் கண்ணுக்குச் சிக்கல் நடுவில் இருக்கிற இரண்டில்தான். வெர்மெய் சங்கிலிக்கு 8,000 ரூபாய் கேட்கிறார்கள் என்று வையுங்கள், விற்கும்போது 800. கோல்டு ஃபில்டுக்கு 6,000, விற்கும்போது பூஜ்ஜியம். இந்தக் காசு வீண் என்று சொல்லிவிட முடியாது, கோல்டு ஃபில்டு தினமும் போட்டாலும் வருஷக்கணக்கில் நிற்கும், குளித்தாலும் வியர்த்தாலும் பிளேட்டட்போல நாலு மாதத்தில் கறுக்காது. வெர்மெய், பித்தளை ஒத்துக்கொள்ளாத தோலுக்கு நல்லது, வெளுத்தால் மறுபடி முலாம் போட்டுக்கொள்ளலாம். ஆனால் 'உண்மைத் தங்கம் இருக்கிறது' என்ற ஒரு வரிக்காக யாராவது கூடுதல் காசு கேட்டால், அந்தத் தங்கம் உங்களுக்குத் திரும்பி வராத தங்கம் என்று தெரிந்துகொண்டு கொடுங்கள். அணியத்தான் விலை, வைத்திருக்க இல்லை. (பெயர் பெற்ற கம்பெனி நகையை அப்படியே பழைய நகையாக வாங்குகிறவர்கள் உண்டு, நூறு வருஷப் பழமைக்கும் தனி ஆள் வருவான், அது உலோக வியாபாரம் இல்லை, அதை இதோடு சேர்க்கக் கூடாது.)

அக்கா கடைசியில் 14 காரட்டுக்கு வந்த பணத்தில் இன்னும் கொஞ்சம் போட்டு, ஆறு கிராமில் சேதாரம் குறைவான எளிய 22 காரட் சங்கிலி ஒன்று எடுத்து லாக்கரில் வைத்துவிட்டாள். காலேஜுக்குப் போட்டுக்கொள்ள மகள் தேர்ந்தெடுத்தது அந்த வெர்மெய். கடைக்காரர் சொன்ன 800-க்கு விற்றிருந்தால் அதே மாதிரி ஒன்றைப் பத்து மடங்கு கொடுத்துத்தான் வாங்க வேண்டியிருக்கும் என்று அவளே கணக்கு சொன்னாள். ஆபீஸ்காரர்கள் கொடுத்த கோல்டு ஃபில்டைத் துடைத்து மறுபடி அதே பெட்டியில் வைத்தாள் அக்கா, ஒரு கிலோ சேர்ந்ததும் விற்கலாம் என்றாள், இன்னும் 990 கிராம்தான் பாக்கி.